தட்டினால் வேறு நம்பர்

“சோபாவா, நாற்காலியா? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

ஸ்பீக்கரில் கேட்டது முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் குரல். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் தட்டியது தங்கை கடையின் வெப்சைட்டில் இருந்த நம்பரை. தங்கையோ எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியிலிருந்த போன் மூச்சு விடவில்லை.

“யாரும்மா நீ? எங்க கஸ்டமரையெல்லாம் வளைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கியா?”

“ஐயா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை...”

“அதெல்லாம் போலீஸ்ல வந்து சொல்லு!”

போனை வைத்த வேகத்தில் தங்கை மகள் பக்கம் திரும்பினார்.

“ஏ வாலு! இதுதான் நீ பண்ணிக் கிழிச்ச வெப்சைட்டா?”

வாலுவுக்குப் பதினைந்து வயது. தான் வேலை பார்த்த சோபா கம்பெனி மூடியதும் அம்மா சொந்தமாக ரிப்பேர் கடை போட, இவள் இலவச டெம்ப்ளேட் ஒன்றை டவுன்லோட் செய்து வெப்சைட் ஆக்கியிருந்தாள். மூன்று வாரமாக ஒரு போன் இல்லை. மாதக் கடைசிக்குள் வேலை வராவிட்டால் கடை போட்ட வாடகை ஷெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

“நம்பர் சரியாத்தான் மாமா இருக்கு. நீங்களே படிங்க.”

மாமா விரல் வைத்துப் படித்தார். ஒரு எண் பிசகவில்லை.

“படிச்சா உங்க அம்மா நம்பர். தட்டினா எவளோ எடுக்கறா. பேய் கீய் பிடிச்சிருக்கா?”

“ஐயோ, கொஞ்சம் சும்மா இருங்களேன்!”

லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தாள். இந்த ஃபைல் அவளை ஏற்கெனவே படுத்தியிருக்கிறது. முதல் நாள், ‘எங்கள் குழு’ என்ற பகுதியை அழிக்கப் போய், மிச்சப் பகுதிகளை அணைத்துப் பிடித்திருந்த </div> என்ற மூடும் குறி ஒன்றையும் சேர்த்து அழித்துவிட்டாள். கீழே இருந்ததெல்லாம் இடம் மாறி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. அதைச் சரி செய்யும்போதுதான் அதன் அமைப்பு பிடிபட்டது. டப்பாவுக்குள் டப்பா, திறந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி.

அந்தச் சூட்டில் தனக்கொரு சட்டமும் போட்டுக்கொண்டாள். கூர் அடைப்புக்குறிகளுக்கு வெளியே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றணும். குறிக்குள் கை வைக்கவே கூடாது.

இப்போது நம்பர் இருந்த வரியை முதன்முறையாக முழுசாகப் படித்தாள். வெளியே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அம்மா நம்பர். குறிக்குள்ளே, href என்பதற்குப் பக்கத்தில், tel: என்று ஆரம்பித்து வேறொரு நம்பர்.

“அடச்சே!”

“என்னடி?” என்றாள் அம்மா.

“வெளிய இருக்கறது காட்டறதுக்கு. உள்ள இருக்கறதுதான் தட்டினா கூப்பிடறதுக்கு. நான் காட்டறதை மட்டும் மாத்தியிருக்கேன். டெம்ப்ளேட் பண்ணினவன் மாதிரிக்குன்னு போட்ட நம்பர் உள்ள அப்படியே இருக்கு. அது நிஜமாவே யாரோடதோ!”

“நீ தட்டிப் பாக்கலையா?”

“லேப்டாப்ல கண்ணாலதான் பாத்தேன்.”

“நல்லா பாத்த போ” என்றார் மாமா. “நம்பர் தப்புன்னா வச்சுட்டுப் போகணும். அந்தப் பொம்பளை ஆர்டர் இல்ல எடுக்கறா! ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு.”

வாலு அந்த நம்பரை ஃபைல் முழுக்கத் தேடினாள். மூன்று இடத்தில் இருந்தது: மேல் பட்டையில் ஒன்று, தொடர்புப் பகுதியில் ஒன்று, அடிப்பகுதியில் ஒன்று. மூன்றையும் மாற்றி வெப்சைட்டில் ஏற்றினாள். பக்கத்தைப் புதுப்பித்துத் தட்டினாள். அம்மாவின் மடி அதிர்ந்தது.

“இப்ப அந்தம்மாவைக் கூப்பிட்டு நறுக்குன்னு நாலு வார்த்தை கேளு” என்றார் மாமா.

கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். கேட்கத்தான் கூப்பிட்டாள், வாய் வேறு மாதிரி ஆரம்பித்தது.

“ஆன்ட்டி, அந்த சோபா கடை எங்களோடதுதான். தப்பு என்னோடது. ஆனா நீங்க ஏன் ஆர்டர்...”

“அப்பாடா! ஒருவழியா வந்தியா?” குரலில் மூன்று வாரத்து அலுப்பு. “ரெண்டு நாளைக்கு ஒரு போனாவது வந்துடுதும்மா. முதல்ல வந்த ரெண்டு பேரை ராங் நம்பர்னு திட்டி வச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, இந்த போனுக்காக யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்களேன்னு. என்கிட்ட இருக்கறது பட்டன் போன், உங்க சைட்டை எங்க பாக்கறது? அதான் வர்றவங்ககிட்ட, ‘கடைக்காரங்க கை வேலையா இருக்காங்க, அவங்களே கூப்பிடுவாங்க’ன்னு சொல்லிட்டு வந்தேன்.”

மாமா சட்டென்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“பதினாலு பேரும்மா. பேரு, நம்பர், என்ன ரிப்பேர், எல்லாம் இருக்கு. வரிசையாப் போகாதே, ஏழாவது ஆளுக்கு முதல்ல போடு. முதுகுவலிக்காரர், பாவம், சாய நாற்காலி இல்லாம கஷ்டப்படறார்.”