நாலாவது படம்

ஸ்யாமளாவுக்கு வயிறு எரிந்தது. காரணம் ஒரு அணில்.

அணிலை வரைந்தவள் பாண்டிமீனா. அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து போகிற புது மிஸ். திருநகரில் அந்த நர்சரிப் பள்ளிக்கு அவள் வந்து சேர்ந்ததே போன தீபாவளிக்குப் பிறகுதான்.

அதுவரை பள்ளியின் இன்ஸ்டா பக்கத்தில் வெள்ளிக்கிழமைக் கதை என்றால் அது ஸ்யாமளா மிஸ்தான். வரிசையாகச் சில படங்கள். அம்மாக்கள் போனைப் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் விரலால் தள்ளித் தள்ளிக் கதை பார்க்கும். இப்போது ஒரு வாரம் இவள், ஒரு வாரம் அவள். வரும் ஜூனிலிருந்து யாராவது ஒருவரே பார்த்துக்கொள்ளட்டும், திங்கட்கிழமை சொல்கிறேன் என்று தாளாளர் சாருலதா மேடம் சொல்லிவிட்டார்.

யாரைச் சொல்லப் போகிறார் என்பது ஸ்யாமளாவுக்குத் தெரியாதா என்ன?

அவளுடைய கதைகளில் ஒவ்வொரு படத்திலும் நாலு வரி இருக்கும். நல்ல தமிழ், அழகான தமிழ். அதைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளை மடியிலிருந்து இறங்கி ஓடிவிடும். பாண்டிமீனா அப்படியில்லை. ஒரு படத்துக்கு ஒரே காட்சி, ஒரே வரி. எழுத்து பெரிதாக இருக்கும், போன் திரையின் ஓரத்தில் வெட்டுப்படாமல் நடுவில் இருக்கும். முதல் படத்தைப் பார்த்ததும் விரல் நிற்கும். படத்தின் வலது ஓரத்தில் மரக்கிளையைப் பாதியில் விட்டிருப்பாள்; மீதிக் கிளை எங்கே என்று பிள்ளை தானாகவே தள்ளும். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை அணிலுக்கு அதே பச்சைச் சட்டை. சட்டை மாறினால் குழந்தைக்கு அது வேறு அணிலாம்.

இதையெல்லாம் யார் கேட்டார்கள்? எல்லாரும் கேட்டார்கள். அதுதான் எரிச்சல்.

பக்கத்தின் பாஸ்வேர்டு ஸ்யாமளாவிடம்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் பாண்டிமீனா வாட்ஸ்அப்பில் படங்களை ஒவ்வொன்றாக அனுப்பி, "இதே வரிசை மிஸ், கொஞ்சம் ஏத்திவிட்ருங்க" என்று எழுதியிருந்தாள்.

குட்டி அணிலுக்கு ஒரு கொய்யாப்பழம் கிடைத்தது.

கடிக்க வாயைத் திறந்தது.

எதிரே ஒரு மைனா வந்து உட்கார்ந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றது மைனா.

அணில் பாதியைப் பிட்டு நீட்டியது.

இரண்டும் சேர்ந்து தின்றன.

கொடுத்துத் தின்றால் ருசி கூடும்.

ஸ்யாமளா ஒவ்வொரு படமாகத் தொட்டாள். தொடுகிற வரிசையில் படத்தின் மூலையில் எண் விழும். அந்த எண் வரிசையில்தான் கதை ஓடும். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவதாக, மைனா பேசுகிற படத்தைத் தொட வேண்டும். விரல் ஒரு நொடி நின்றது. பிறகு அதைத் தாண்டிப் போய், அணில் பாதியை நீட்டுகிற படத்தைத் தொட்டது. மைனா ஐந்தாவதுக்குப் போனது.

பசிக்கிறது என்று சொல்வதற்கு முன்னாலேயே பழத்தை நீட்டுகிற பைத்தியக்கார அணில். அம்மாக்கள் சிரிக்கட்டும். ஒரு கதையை ஒழுங்காக அடுக்கத் தெரியாதா என்று கேட்கட்டும். அன்று சாயங்காலம் ஸ்யாமளா கணவரிடம்கூடச் சிரித்துப் பேசினாள்.

திங்கட்கிழமை சாருலதா மேடம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கையில் போன்.

இதுவரை எந்தக் கதையையும் இத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பியதில்லை என்றார். ஒரு அம்மா எழுதியிருந்ததை வாசித்தும் காட்டினார். பசித்தாலும் வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிற பையனாம் அவளுடையவன். கதையைப் பார்த்துவிட்டு, "மைனா இன்னும் கேக்கவே இல்லம்மா, அதுக்குள்ள அணில் குடுத்துருச்சு" என்றானாம்.

"கேட்டா குடுக்கணும்னுதான் நாம எல்லாரும் சொல்லிக் குடுக்குறோம். கேக்குறதுக்கு முன்னாடியே குடுக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?" என்று கேட்டார் மேடம்.

பாண்டிமீனா வாயைத் திறந்தால் போதும். வாட்ஸ்அப்பைக் காட்டினால் போதும். பக்கம் போகும், மானமும் போகும்.

"எனக்குத் தோணல மேடம்" என்றாள் பாண்டிமீனா. "நான் எழுதுனதுல மைனா கேட்ட பெறகுதான் அணில் குடுக்கும். ஸ்யாமளா மிஸ்தான் படத்த மாத்திப் போட்டாங்க. எனக்கு வரையத் தெரியும், அம்புட்டுதான். பக்கத்த அவங்களே பாத்துக்கட்டும் மேடம், நான் வரைஞ்சு குடுக்குறேன்."

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். ஸ்யாமளாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை எங்கே ஒளித்து வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்தப் பெண் வெள்ளந்தி, ஒன்றுமே புரியவில்லை என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் வசதியாக இருந்தது. ஆனால் வராந்தாவில் பாண்டிமீனா அவள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பிள்ளைகளின் சத்தம் கேட்கிற தூரம் வந்ததும் ஸ்யாமளாவால் தாங்க முடியவில்லை.

"மீனா... உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்த நான்..."

மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை.

"வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன் மிஸ். அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன்" என்றாள் பாண்டிமீனா. பிறகு வகுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க கேக்க வேணாம். குடுத்தாச்சு."