கடைசி நிகழ்ச்சிக்குப் பிறகே குலுக்கல்

“குலுக்கல் கடைசி நிகழ்ச்சி முடிஞ்ச பிறகுதான். அரங்கத்துல உட்கார்ந்திருக்கவங்களுக்குத்தான் பரிசு. அறிவிப்புல தடிச்ச எழுத்துல போடுங்கம்மா” என்றார் செண்பகராமன்.

எங்கள் ஒஹையோ ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு டிக்கெட் அறிவிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. எழுதுவது செயலாளரான நான். குறை சொல்வது பொருளாளர் திலீபன். செண்பகராமன் ஃபோனில், ஸ்பீக்கரில். வீடு வாங்கி விற்றுக் கொடுப்பவர். இந்த வருடத்தின் முதல் ஸ்பான்சர். குலுக்கலுக்கு எட்டு கிராம் தங்கக் காசும் அவர் உபயம்தான்.

நான் வாசித்தேன். “பெரியவங்களுக்கு இருபத்தஞ்சு டாலர். அஞ்சு வயசுலேர்ந்து பன்னெண்டு வரை பத்து டாலர். அஞ்சுக்குக் கீழே இலவசம், மடியிலதான் உட்காரணும். ஆனா அவங்க பேரையும் கட்டாயம் பதிவு செய்யணும்.”

“மடியில இருக்கிறதுக்கு எதுக்குப் பதிவு?” என்றார் திலீபன்.

“பள்ளிக்கூட அரங்கம் திலீபன். அறுநூறு தலைக்கு மேல ஒண்ணு கூடினாலும் தீயணைப்புத் துறை விடாது. மடியில இருந்தாலும் அது ஒரு தலைதான்.”

“அந்த மடிக் குழந்தைங்களுக்கும் குலுக்கல் சீட்டு குடுத்துடுங்க” என்றார் செண்பகராமன்.

“இலவச டிக்கெட்டுக்கா சார்?”

“ஆமா. கைக்குழந்தைக்காரங்கதான் முதல்ல கிளம்புறாங்க.”

திலீபன் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டார். “கூட்டம் கலையறதுக்குள்ள ஐயா பேரைச் சொல்லிடணுமாம்!”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தேன். “முதல் ரெண்டு வரிசை ஸ்பான்சர்களுக்கு. மத்ததுல முதல்ல வர்றவங்களுக்கு இடம். துண்டு, சால்வை போட்டு இடம் பிடிக்கக் கூடாது.”

“ஸ்பான்சர் வரிசையை ஏழு மணிக்கு எல்லாருக்கும் திறந்து விட்டுடுங்க. மேடையிலேர்ந்து பார்த்தா ஒரு நாற்காலி காலியாத் தெரியக் கூடாது.”

“வீடியோவுக்கு” என்று வாயசைத்தார் திலீபன்.

“டிக்கெட்டில் சாப்பாடு அடங்காது. உணவுக் கடைகள் எட்டு மணி வரை...”

“ஏழுக்கே மூடிடணும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சார், கொத்து பரோட்டா சூடு பிடிக்கிறதே ஏழு மணிக்குத்தான்! கடை போடுறவங்க என்ன பண்ணுவாங்க?”

“மிஞ்சுறதை மொத்தமா நானே விலைக்கு எடுத்துக்கறேன்மா. அப்புறம் ஒண்ணு. நன்றியுரையில என் பங்குக்கு ஒரு கவர் தருவேன். குலுக்கலுக்கு முன்னாடி அதைப் பிரிச்சு, அதுல இருக்கிறதை மட்டும் வாசிக்கணும்.”

ஃபோனை வைத்ததும் திலீபன் பொரிந்து தள்ளினார். “ஒரு தங்கக் காசைக் குடுத்துட்டு அறுநூறு பேரைக் கட்டிப் போடுறாரே! வேணும்னா அந்தக் கடைசி நிகழ்ச்சியையாவது தூக்கிடலாம். யாரு உட்கார்ந்து பார்க்கப் போறா?”

கடைசி நிகழ்ச்சி, பறை. அடிப்பவர்கள் ஊர் ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் ஐந்து பேர். விழாவில் கடை போடுவதும் அவர்கள்தான் என்பதால், கடையை மூடிய பிறகே மேடைக்கு வர முடியும். தங்கள் பிள்ளை ஆடி முடித்த கையோடு கிளம்பிவிடும் பெற்றோர் அதுவரை தங்குவதில்லை.

“இருக்கட்டும் திலீபன். திங்கக்கிழமை லீவுல கராஜ்ல நின்னு பழகுறாங்க. மனசு கஷ்டப்படும்” என்றேன். இப்படிச் சொன்னதில் என் மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

விழா அன்று பரோட்டாக் கல்லின் முன்னால் வேர்த்துக்கொண்டு நின்ற பறைக் குழு முத்தழகு, கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அக்கா, இந்தத் தடவையாச்சும் ஆளு இருப்பாங்களா? இல்லேன்னா இதோட விட்டுடலாம்னு பசங்க சொல்றாங்க.”

“இருப்பாங்க, இருப்பாங்க” என்று சொல்லி நழுவினேன்.

ஏழு மணிக்குக் கடையை மூடினார்கள். பசி தீராதவர்கள் செண்பகராமனைத் திட்டிக்கொண்டே அரங்கத்துக்குள் வந்தார்கள். முதல் இரண்டு வரிசைகளும் நிரம்பின. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்கூட, கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்கள்.

பறை ஆரம்பித்தது.

இரண்டு நிமிடம் எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நிமிடம் ஒரு பெண் குழந்தை மடியிலிருந்து இறங்கி நடைபாதையில் குதித்தது. அப்புறம் பத்துக் குழந்தைகள். முடியும்போது அரங்கமே எழுந்து நின்றது. முத்தழகு கையில் குச்சியோடு கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

கவரோடு நான் மேடை ஏறினேன்.

“இப்ப பாருங்க, மூணு படுக்கையறை வீடு, வட்டி விகிதம், ஃபோன் நம்பர்” என்று திலீபன் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

பிரித்தேன். மைக்கில் வாசித்தேன்.

“முத்தழகு, கதிரேசன், சூசை, அய்யாத்துரை, மாரியப்பன். இந்த ஐந்து பேரும் காலையிலிருந்து நமக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, போன வருடமும் இதே மேடையில் பறை அடித்தார்கள். என்னையும் சேர்த்து, கேட்டவர்கள் நான்கு பேர். இன்று உட்கார்ந்து கேட்ட எல்லோருக்கும் நன்றி.”

கீழே பொடி எழுத்தில், “என் பெயரைச் சொல்ல வேண்டாம்மா” என்று இருந்தது.

அடுத்துக் குலுக்கல். மைக்கைத் திலீபன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

போன வருடம் அவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, என் மகளின் நடனம் முடிந்த கையோடு வெளியே வந்து, வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன் நான்.