இரண்டாவது பாம்பு

1931. ஆவடி டிராயிங் மாஸ்டர் லோகநாதனுக்குக் கிரேக்கச் சிலைகள் கரதலப்பாடம். பூந்தமல்லியில் ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் தம் பங்களாவில் சிலைக்கூடம் வைத்திருந்தார். அங்கே விளக்குநர் வேலைக்கு இன்று பரீட்சை.

"சிங்கத்தோலும் கதாயுதமும், ஹெராக்ளிஸ். திரிசூலம், கடலரசன் பொசைடன்," என்று லோகநாதன் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார்.

கடைசிச் சிலை தாடிக்காரர். நெஞ்சு திறந்த போர்வை, கையில் பாம்பு சுற்றிய நீளக் கோல்.

"ஒற்றைப் பாம்பென்றால் வைத்தியக் கடவுள் அஸ்கிளிப்பியஸ். இதில் இரண்டு. ஆகவே தேவதூதன் ஹெர்மீஸ்!"

"ஹெர்மீஸுக்குரிய இறக்கை வைத்த தொப்பி, செருப்பு எதுவும் இல்லையே? தாடி வேறு?" என்று ஜட்ஜ் மடக்கினார்.

"பழங்காலத்து ஹெர்மீஸுக்குத் தாடி உண்டு சார். எத்தனை பாம்பு என்பதுதான் முக்கியம். பாமரர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள்."

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த கொத்தனார் நாகப்பன் திரும்பினார்.

"ரெண்டாவது பாம்பு நான் வெச்சது சாமி. கோலு ஒடைஞ்சி வந்துச்சு. ஒட்டச்சொல்லோ பார்த்தா ஒரே பாம்புதான். நம்ம கோயில் நாகக்கல்லுல ஜோடியாத்தானே கீது? இன்னொண்ணு பண்ணி சுத்தி வுட்டேன்."

லோகநாதனுக்குக் காது சிவந்தது. கோட்டை விட்ட பாமரர் யாரென்று புரிந்துவிட்டது. "மன்னிக்கணும். இவர் அஸ்கிளிப்பியஸ்தான்," என்று குடையை எடுத்தார்.

"நில்லுங்கள். வேலை உங்களுக்குத்தான்."

ஜட்ஜ் அசடு வழிய, சிலையின் காலடியை மறைத்திருந்த துணியை விலக்கினார். பித்தளைத் தகட்டில் பெரிய எழுத்தில் பொறித்திருந்தது: ஹெர்மீஸ்.

"ஆறு மாதமாக வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன்."