வேறு சாமியின் பிள்ளை

முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல, முகம் இல்லை.

உலை வெடித்ததில் கழுத்துக்கு மேலே எல்லாம் கட்டுத்துணி.

"நெத்தி மட்டும் இருந்தா ஒரே பார்வையில சொல்லிடுவேன்" என்றார் ராமஸ்வாமி, பிணவறை வாசலில் நின்றபடி.

சொல்லக்கூடியவர்தான். திருவள்ளூர்ப் பெருமாளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் துளசி மாலை கட்டுகிற குடும்பம். திருமண் நேராக மேலே ஏறினால் நம்மவன். விபூதி மூன்று கோடாகக் குறுக்கே படுத்தால் சிவன்கோயில்காரன். வட்டமாகக் குங்குமம் மட்டும் எரிந்தால் அம்மன் பக்தன். அவருடைய உலகத்தில் மனிதர்கள் இந்த மூன்று தினுசுதான். பக்கத்தில் நின்ற மோசஸ் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

ரயில் திருவாலங்காட்டில் நிற்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வார், சிவன்கோயில் விபூதி காற்றில் வந்து உள்ளே புகுந்துவிடுமாம். ஒருமுறை சிக்னல் விழவில்லை. மனிதர் அரக்கோணம் வரைக்கும் நீலமாகவே போனார் என்பது ஊர்ப்பேச்சு.

ரயில்காரர்களின் ஸ்டிரைக் முடிந்த வருஷம் அது, ஆடி மாதம். கவரைப்பேட்டை இரும்புப் பட்டறையில் காலை ஷிப்டுக்கு உலைப் பக்கம் நின்றது இருவர். ஒருவன் இங்கே கிடந்தான். இன்னொருவன் பயந்து எங்கேயோ ஓடிப்போயிருந்தான். ஓடியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இருவரில் ஒருவன் அவருடைய ஒரே மகன் ஸம்பத்குமார்.

மகனோடு கவரைப்பேட்டையில் ஒரே அறையில் தங்கியிருந்த மோசஸ்தான் வந்து அழைத்துக்கொண்டு போனான். 

பிணவறைச் சிப்பந்தி போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்துக் காட்டினான்.

மணிக்கட்டில் மஞ்சள் நூல். நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டும் வாடிய வேப்பிலையும்.

ராமஸ்வாமிக்கு உயிர் வந்தது.

"பெரியபாளையத்துக் காப்பு! அம்மனுக்கு வேண்டிக்கினு கட்டுறது. எங்க ஊட்ல வேப்பிலை வாசப்படி தாண்டாது. எங்களுக்குத் துளசிதான்."

அடுத்து, போர்வை கழுத்துவரை இறங்கியது.

செப்புக் கம்பியில் கோத்த ஒற்றை உருத்திராட்சம், கருகியும் உடையாமல்.

இப்போது அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பிணவறையில் அப்படி ஒரு சிரிப்பை அந்தச் சுவர்கள் கேட்டிருக்காது. துளசிமணி தொங்க வேண்டிய கழுத்தில் உருத்திராட்சமா? வில்வம் சாத்துகிற இடத்துப் பிள்ளை இது. நம் பிள்ளை கோயிலென்றால் தீர்த்தம் வாங்கி, துளசி வாங்கி, தலையில் சடாரி வைத்துக்கொண்டுதானே வெளியே வருவான்?

பெருமாள் கைவிடுவாரா? பங்குனியில் காமாலை கண்டு இவரே மஞ்சளாக மிதந்தபோது, அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தார்கள். வெல்லம் கரைந்தது, நோயும் கரைந்தது. அந்தக் கதையைத் திருவள்ளூரில் கேட்காத காது கிடையாது. கேட்ட காதுகளுக்கும் இரண்டாம் முறை சொல்லியிருக்கிறார்.

"எவன் பெத்த புள்ளையோ, பாவம்" என்றார் பெரிய மனசோடு. "ஓடிப்போனதுதான் நம்மாளு. எங்கனா சத்திரத்துல தூங்கிக்கினு இருப்பான். இன்னாடா மோசஸு, தரையையே பாத்துக்கினு நிக்கிறே? வா, நாஷ்டா பண்ணலாம்."

மோசஸ் நகரவில்லை.

சிப்பந்தி வெளியே கிடந்த கையை உள்ளே தள்ள உடம்பைச் சற்றுப் புரட்டினான். போர்வை நழுவி இரண்டு தோளும் தெரிந்தன.

வலது தோளில் சக்கரம். இடது தோளில் சங்கு.

ஆசாரியர் நெருப்பில் காய்ச்சி ஒற்றிய முத்திரைகள். சக்கரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அன்று சூடு பட்டதும் பையன் துள்ளினான். அவனை மடியில் அழுத்திப் பிடித்திருந்தவர் ராமஸ்வாமி.

மோசஸ் அப்போதுதான் பேசினான்.

"உங்களுக்குக் காமாலை வந்தப்போ மூணு சாமிக்கும் வேண்டிக்கினாரு, நைனா. அந்த உருத்திராட்சக் கொட்டையை சனிக்கெழமை ஆனா கழட்டி என்கிட்ட குடுத்துட்டு, திருமண் இட்டுக்கினுதான் உங்க ஊட்டுக்கு ரயிலேறுவாரு. இந்தக் காப்பு போன ஞாயித்துக்கெழமை கட்டினது. வேண்டுதல் முடியற வரைக்கும் அவுக்கக் கூடாதாமே. அதான் நேத்து ஊட்டுக்கு வரல."

சிப்பந்தி கத்திரிக்கோலை எடுத்து மஞ்சள் நூலின் அடியில் நுழைத்தான்.

ராமஸ்வாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சாமியைக் கூப்பிடுவதற்காக வாயைத் திறந்தார். எந்தப் பெயரும் வரவில்லை.