கண்டக்டர் கண்ட கை

"அந்த அம்மாவைப் பஸ் படியிலிருந்து தள்ளிக் கொன்னது இவர்தானே?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"ஆமாங்க," என்றார் கண்டக்டர். இரண்டு வருடமாகத் தள்ளிய அந்தக் கை அவர் கண்ணிலேயே நின்றது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அலறல் கேட்டப்போ எங்க இருந்தீங்க?"

"முன்பக்கம், டிக்கெட் கிழிச்சிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன், பஸ் நின்னுது. இவர் ரோட்டுல அவங்க தலையைத் தாங்கிட்டிருந்தார்."

"அப்ப தள்ளினதை எப்போ பார்த்தீங்க?"

கண்டக்டர் அந்த நாளை மறுபடி நினைத்துப் பார்த்தார். 'தள்ளிட்டானாமே' என்று முதலில் சொன்னது போலீஸ்காரர். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கை முளைத்திருந்தது.

"பார்க்கலைங்க ஐயா. பார்த்ததா நம்பிட்டேன்."

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. விடுதலையாகி வருபவனுக்காகக் கண்டக்டர் நீதிமன்ற வாசலில் காத்திருந்தார்.

"மன்னிச்சிரு தம்பி. என்னால ரெண்டு வருஷம் ஜெயில்ல போச்சு."

"அது போகட்டும்ண்ணே. டிக்கெட் வாங்கினப்போ எங்கம்மா உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா? கூட்டத்துல நான் கொஞ்சம் தள்ளி நின்னுட்டேன்."

'என் பையனுக்கும் சேர்த்துக் குடுப்பா' என்று ஒரு குரல் கண்டக்டர் காதில் கேட்டது. அது அன்றைக்குக் கேட்டதா, இப்போது அவர் மனம் கட்டிக்கொண்டதா?

"தெரியலப்பா," என்றார் கண்டக்டர்.