ஈரடிக்கு ஓர் உதாரணம்

“டீச்சரே, ஞானையன் எனக்க பேனாவ எடுத்து வச்சிட்டு தரமாட்டேங்கான்!” என்று முறையிட்டது ராஜபாய்.

அஸ்வதி சாக்பீஸைக் கீழே வைத்தாள். கரும்பலகையில் அவள் எழுதியிருந்த இரண்டு வரியை இதுவரை யாரும் சீண்டவில்லை.

பெரியர் சிறியரெனப் பேதம்பா ராமல்
சரியுரைப்ப தேசால் நெறி.

திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் நிரந்தர வேலை கிடைப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? இந்த ஆறாம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்திக் காட்டினால் வேலை அவளுக்கு. சொதப்பினால் பழையபடி பழவங்காடி ஜவுளிக்கடையில் பில் போட வேண்டியதுதான். அங்கே எம்.ஏ. தமிழுக்கு ஒரு வேலையும் இல்லை.

“ஞானையா, பேனாவைக் கொடு. எல்லாரும் போர்டைப் பாருங்க.”

“டீச்சரே, ஒரு சம்சயம்” என்றது முன்பெஞ்சு நயினார். “ராமல்னா யாரு?”

வகுப்பு சிரித்தது. அஸ்வதிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள்.

“ராமல்னு யாரும் இல்ல, நயினார். ஓசைக்காகச் சீர் பிரிச்சு எழுதியிருக்கு. அர்த்தம் பார்க்கும்போது சேர்த்துப் படிக்கணும். பேதம் பாராமல். அதே மாதிரி ரெண்டாவது அடியில, சரி உரைப்பதே. அப்புறம், சால் நெறி. சால்னா நிறைவான. நெறின்னா வழி.”

“எங்க வழி?”

“வாழ்க்கைல போற வழி. அதாவது, எதிர்ல நிக்கிறவங்க பெரியவங்களா சின்னவங்களான்னு வித்தியாசம் பார்க்காம, எது சரியோ அதைச் சொல்றதுதான் நிறைவான வழி. புரியுதா?”

“இல்ல” என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். அதில் மட்டும் என்ன ஒற்றுமை!

“சரி, ஓர் உதாரணம். பொன்முடி மலைக்குப் போற பஸ். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துட்டு வர்றார். அவரோட மைத்துனரே பஸ்ல இருக்கார். அவர்கிட்டயும் காசு வாங்கிட்டு டிக்கெட் கொடுத்தா...”

“அளியனுக்கு பாஸ் உண்டெங்கில்?” என்றது நயினார்.

“பாஸ் இல்ல.”

“அளியன்கிட்ட காசு வாங்கினா அண்ணைக்கு ராத்திரி கண்டக்டருக்குப் பெண்டாட்டி சோறு போடுவாளா டீச்சரே?” என்று கேட்டது ராஜபாய், மிகுந்த கவலையுடன்.

அஸ்வதி கண்டக்டரைப் பாதி மலையிலேயே இறக்கிவிட்டாள். “வேற உதாரணம். கிரிக்கெட். அப்பா அம்பயர், மகன் பேட்ஸ்மேன். பந்து காலில் பட்டுடுச்சு. அவுட்டுன்னு அப்பாவே கை தூக்கினா...”

“மகன் கரைவான்.”

“அழட்டும்! அவுட்டுன்னா அவுட்டுதான்!”

“ஐயோ, பாவம்” என்றது நயினார். ராஜபாய் கண்ணைத் துடைத்தது. இல்லாத மகனுக்காக வகுப்பே துக்கம் கொண்டாடியது.

அந்த நேரம் பார்த்து, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு காகித ராக்கெட் கிளம்பி அஸ்வதியின் நெற்றியில் மோதி விழுந்தது. திரும்பினால் ஞானையன், ஒன்றும் தெரியாத முகம். வாயில் அச்சப்பம் வேறு.

அஸ்வதிக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டடி முன்னால் போனாள். நயினார் அவசரமாகக் கிசுகிசுத்தது:

“டீச்சரே, ஞானையன ஒண்ணும் சொல்லண்டா. ஸ்கூலு அவங்களுக்க குடும்பத்துக்குள்ளது.”

அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கால் நின்றது. பேசாமல் ராக்கெட்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் பாடத்தை முடித்துவிடலாம். வேலை முக்கியம். வீட்டு வாடகை முக்கியம். கரும்பலகையைப் பார்த்தாள். அவள் கையெழுத்தே அவளை முறைத்தது. இதை எழுதிப்போட்டுவிட்டு எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறாள்?

“நயினார், நீ இந்த ராக்கெட்டை விட்டிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?”

“வெளிய நிறுத்தியிருப்பீங்க.”

“ராஜபாய் விட்டிருந்தா?”

“அவளையும் வெளிய நிறுத்தியிருப்பீங்க.”

“அப்படீன்னா...” அவள் சொல்லியேவிட்டாள். “ஞானையா, எழுந்திரு. வெளிய போய் நில்லு.”

ஞானையனின் வாய் மெல்வதை நிறுத்தியது.

“நானா?”

“நீதான். அச்சப்பத்தை வச்சிட்டுப் போ.”

பெஞ்சு பலமாகக் கிறீச்சிட்டது. ஞானையன் தலைகுனிந்தபடி வராந்தாவுக்குப் போவதை எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். அஸ்வதி சாக்பீஸை மறுபடி கையில் எடுத்தாள். வேலை போயிற்று, நிச்சயம். போகட்டும், பாடமாவது முடியட்டும்.

“பஸ்ஸும் வேண்டாம், கிரிக்கெட்டும் வேண்டாம். இப்ப நடந்ததுதான் உதாரணம். அர்த்தம் சொல்லு, நயினார்.”

நயினார் மெல்ல எழுந்து, இந்த முறை கிண்டல் இல்லாமல் சொன்னது: “ஆளு பெரிசா சின்னதான்னு பாக்காம, உள்ள சரிய நேரா சொல்லணும். அதுதான் நல்ல வழி.”

“சபாஷ். உட்காரு.”

வாசலில் ஒரு செருமல். “டீச்சரே, உள்ள வரட்டா?”

“பெல் அடிக்கட்டும்.”

“சரி டீச்சரே. பெல் அடிக்கிறதுக்குள்ள இங்கன நின்னே உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல ஒப்பு போட்டிருதேன்” என்றார், அறுபத்தெட்டு வயதான பள்ளி மேனேஜர் ஞானையன். உள்ளே, இவ்வளவு நேரம் பிள்ளைகளாக நடித்த இன்டர்வியூ போர்டின் மற்ற இருவரும், ஹெட்மாஸ்டர் நயினாரும் பி.டி.ஏ. தலைவி ராஜபாயும், ஆறாம் வகுப்புக் குட்டி பெஞ்சிலிருந்து முழங்காலை வெளியே எடுக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.