அருவி எந்தப் பக்கம்?

"ஆத்தா, ஹெட்போனக் கழட்டு. விடிஞ்சா சோலி இருக்குல்ல?" போர்வைக்குள்ளிருந்து அதட்டினாள் பவதாரணி.

"இந்தக் குகையத் தாண்டாம படுக்க மாட்டேன்."

போன் விளையாட்டில் குகைக்குள் நுழைந்ததும் திரை ஒரே இருட்டு. உள்ளே திரியும் கரடி கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் பிடிக்க வேண்டும். அது தூரத்தில் இருந்தால் புல்லாங்குழல் இசை ஓடிக்கொண்டிருக்கும். நெருங்க நெருங்கக் குழல் தேய்ந்து முரசு மட்டும் அதிரும். ஈரக் கல்லில் சளக் சளக்கென்று காலடி எந்தக் காதில் கேட்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் ஓடினால் பிழைக்கலாம்.

"எடது காதுல கேட்டுச்சு, வலது பக்கந்தான் ஓடுனேன். அங்கனயே நின்னு அடிக்குது."

"போனக் கையில குடுத்தது என் தப்பு. கொண்டா இங்க."

"இரு. மறுபடி குகை வாசல்ல இருந்து ஆரம்பிக்குது. அருவி வலது பக்கம் தெரியுது. சத்தம் எடது காதுல கேக்குது."

ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு.

"வயரு எடைஞ்சலா இருக்குன்னு ஹெட்போன எடம்வலம் மாத்தி மாட்டியிருக்கேன்."

சரியாக மாட்டியதும் ஒரே ஓட்டத்தில் குகை தாண்டியாயிற்று.

விடியற்காலையில் ஏலத்தோட்டத்து ஜீப்பு வாசலில் ஹாரன் அடித்தது. பவதாரணி தூக்குச்சட்டியை நீட்ட, அமுதவள்ளி அதை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

"ஏண்டி, கண்ணு செவந்து கெடக்கு?" என்றாள் உள்ளே இருந்த வேலுத்தாய்.

"எங்க தூங்குறது, அக்கா? காலேசு படிக்கிற மக, ராத்திரி பூராவும் ஆத்தா ஆத்தான்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா."